யுடிலிட்டி சுவரில் மடக்கு இஸ்திரிப் பலகை: பிராக்கெட் தாங்குமா, எந்த உயரத்தில் மாட்டுவது?

மூன்றாம்மாடி | 2 மார்ச் 2024

மேடவாக்கம் பக்கம் அப்பார்ட்மெண்ட். சமையலறையை ஒட்டி யுடிலிட்டி, 4 அடி அகலம், 7 அடி நீளம். ஒரு மூலையில் வாஷிங் மெஷின், ஒரு பக்கம் நீளச் சுவர் காலி. அந்தச் சுவரில் மாட்டி, வேண்டும்போது இறக்கி, முடிந்ததும் மேலே மடக்கிவிடுகிற இஸ்திரிப் பலகை ஒன்று பார்த்திருக்கிறேன். பலகை 95 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம். பெட்டியில் "50 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கிறான். சுவரில் உட்காரும் தகட்டில் நாலு ஓட்டை. கீழே முட்டுக்கம்பி கிடையாது, தரை வரை கால் கிடையாது.

இரண்டு கேள்வி. அந்த 50 கிலோவை நம்பலாமா? கீல் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் வர வேண்டும்? கடைக்காரரிடம் கேட்டால் "நார்மல் ஹைட்ல மாட்டுங்க சார்" என்கிறார்.

சும்மாவந்தேன் | 2 மார்ச் 2024

தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே சார். சுவரும் பிழைக்கும்.

நட்டுபோல்ட்டு | 2 மார்ச் 2024

பயப்படவே வேண்டாம். 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நாலு வாங்கி இறுக்கிவிடுங்கள், யானை தொங்கினாலும் வராது. எங்கள் வீட்டில் 25 லிட்டர் கீசரே இரண்டு போல்ட்டில்தான் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. தண்ணீரோடு சேர்த்தால் 35 கிலோவுக்குக் குறையாது. இஸ்திரிப் பெட்டி ஒன்றரைக் கிலோ!

மட்டக்கோல் | 3 மார்ச் 2024

நான் இன்டீரியர் சைட் வேலை பார்க்கிறவன். கழன்று வந்த இஸ்திரிப் பலகைகளை மறுபடி மாட்டிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கீசர் கணக்கை இதற்குப் போட முடியாது. கீசரின் எடை சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நிற்கிறது, அது போல்ட்டைக் கீழே இழுக்கும். கீழே இழுக்கிற எடையை எந்தச் சுமாரான சுவரும் தாங்கும். இஸ்திரிப் பலகை அப்படியல்ல. 95 செ.மீ. தள்ளி நுனியில் கை ஊன்றினால், பிராக்கெட்டின் கீழ் விளிம்பு சுவரில் முட்டிக்கொண்டு, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும். கடப்பாரையால் ஆணி பிடுங்குகிற அதே வேலைதான்.

மூன்றாம்மாடி சொன்ன பலகைக்கே போட்டுப் பார்ப்போம். துணியை அழுத்தித் தேய்க்கும்போது நுனியில் 12 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 × 95 = 1140. பலகையின் சொந்த எடை 5 கிலோ, அது நடுவில், 48 செ.மீ. தூரத்தில்: 240. மொத்தம் 1380. இதை மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். முட்டுக்கம்பி இல்லாத பிராக்கெட்டில் அந்த உயரம் பெரும்பாலும் 12 செ.மீ.தான் இருக்கும். 1380 ÷ 12 = 115 கிலோ. மேலே உள்ள இரண்டு ஸ்க்ரூவையும் சேர்த்து 115 கிலோ வெளியே இழுக்கிறது, வெறும் 12 கிலோ அழுத்தத்துக்கு.

கீலிலிருந்து 40 செ.மீ. கீழே சாய்வாக முட்டுக்கம்பி வந்து ஊன்றுகிற மாடலாக இருந்தால் அதே 1380-ஐ 40-ஆல் வகுக்கலாம். 35 கிலோ கூட வராது. எவ்வளவு கனமான இரும்பு என்று பார்க்காதீர்கள், மேலும் கீழும் பிடிப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 50 கிலோ பிராக்கெட்டின் இரும்புக்கு. அது வளையாமல் இருக்கலாம். உங்கள் சுவரை அவன் பார்த்ததில்லை.

மூன்றாம்மாடி | 3 மார்ச் 2024

115 கிலோவா! அப்புறம் 12 கிலோ என்பது அதிகமில்லையா? நான் அவ்வளவு அழுத்தி எல்லாம் தேய்ப்பதில்லை.

மூன்றாம்மாடி | 3 மார்ச் 2024, இரவு

எடை பார்க்கும் மெஷினைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன்மேல் துண்டு போட்டு, சட்டை ஒன்றைத் தேய்த்துப் பார்த்தேன். சும்மா ஓட்டும்போது 4, 5 கிலோ. காலர், கைப்பட்டி வரும்போது 8 வரை போகிறது. தரையில் விழுந்த பெல்ட்டை எடுக்கக் குனிந்து மறு கையை ஊன்றினேன், 17 காட்டியது. 12 என்பது கருணையான கணக்குதான்.

மட்டக்கோல் | 4 மார்ச் 2024

அதேதான். தேய்ப்பதால் எந்தப் பலகையும் விழுவதில்லை. சாய்வதால், ஊன்றுவதால், வீட்டில் பிள்ளை இருந்தால் நுனியைப் பிடித்துத் தொங்குவதால் விழும். 25 கிலோ பிள்ளை தொங்கினால் அந்த 12 செ.மீ. பிராக்கெட்டில் 200 கிலோவுக்கு மேல் போய்விடும்.

அடுத்து சுவர். உங்கள் கட்டடம் எந்த வருஷம்? செங்கல்லா, ஏஏசி என்கிற லேசான வெள்ளைக் கல்லா?

கஞ்சிப்புடவை | 4 மார்ச் 2024

தம்பிகளா, நானும் இதையே கேட்க வந்தேன். எனக்கு எல்லாம் காட்டன் புடவை, கஞ்சி போட்டது. வீட்டில் மடக்கு ஷெல்ஃப் பிராக்கெட் இரண்டு போட்டு, பலகையைச் சுவரை ஒட்டி நீளவாக்கில் மாட்டியிருக்கிறோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மடக்கினால் கீழே ஒன்றரை அடிதான் தொங்கும், எதிலும் இடிக்காது. அலுங்காமல் நிற்கிறது. இவ்வளவு கணக்குப் போட்டதாக நினைவில்லை.

மட்டக்கோல் | 4 மார்ச் 2024

அம்மா, உங்களுடையது இந்தக் கணக்கிலேயே நல்ல இடத்தில் இருக்கிறது. பலகை சுவரிலிருந்து ஒன்றரை அடிதான் வெளியே வருகிறது, இரண்டு பிராக்கெட் பகிர்ந்துகொள்கின்றன. புடவை, வேட்டி, பெட்ஷீட்டுக்கு அதுதான் சரி, அகலமும் வேண்டும்.

சட்டைக்கு மட்டும் கஷ்டம். சட்டையைப் பலகை நுனியில் மாட்டிச் சுற்றித் திருப்பித் தேய்க்க வேண்டும், அதற்கு மூக்கு எதிலும் ஒட்டாமல் நிற்க வேண்டும். நீளவாக்கில் சுவரை ஒட்டிய பலகையில் தோள்பட்டையைத் தேய்க்கும்போது மறுபக்கம் கசங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாம்மாடி முதலில் சட்டையா புடவையா என்று முடிவு செய்யட்டும்.

மூன்றாம்மாடி | 5 மார்ச் 2024

சட்டை, பேன்ட், குர்த்தாதான் எல்லாம். புடவை எப்போதாவது. ஆகவே மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருகிற மாதிரியே போகிறேன்.

அளந்தேன். யுடிலிட்டி அகலம் 122 செ.மீ. பலகை 95, பிராக்கெட்டுக்கு ஒரு 5. எதிர்ச் சுவருக்கும் மூக்குக்கும் நடுவே 22 செ.மீ. மிஞ்சும். சட்டையை மாட்டிக் கழற்ற இது போதுமா?

கட்டடம் புதுசு, சுவர் ஏஏசி கல் என்று பில்டர் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 4 அடிக்கு டைல்ஸ்.

நட்டுபோல்ட்டு | 5 மார்ச் 2024

ஏஏசியோ எதுவோ, ஆங்கர் போல்ட் நீளமாகப் போட்டால் நிற்கும். 6 இன்ச் போடுங்கள்.

மட்டக்கோல் | 5 மார்ச் 2024

22 போதும், கை இடிக்காமல் சட்டையை நுழைக்கலாம். அதற்குக் குறைந்தால் சொல்லியிருப்பேன், சின்னப் பலகை வாங்குங்கள் என்று.

நட்டுபோல்ட்டு சொல்கிற போல்ட் கான்கிரீட்டில் ராஜா. உங்கள் சுவரில் தூணோ பீமோ வருகிற இடத்தில் மாட்டுவதாக இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் அந்த போல்ட் உள்ளே விரிந்து பக்கவாட்டில் நெருக்கித்தான் பிடிக்கும். ஏஏசி கல் அந்த நெருக்கலைத் தாங்காது, உள்ளேயே நொறுங்கிவிடும். மாட்டிய அன்றைக்கு கெட்டியாகத்தான் தெரியும். ஆடி ஆடித் தூளாகி ஒரு நாள் போல்ட் கையோடு வரும்.

புத்தகத்தில் ஏஏசி என்று இருந்தாலும் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள். வெளியே வருகிற தூளே சொல்லிவிடும். சிவப்பாக வந்தால் செங்கல். வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ மாவு மாதிரி வந்து, டிரில் வெண்ணெயில் போவதுபோல் போனால் ஏஏசி. சாம்பல் நிறத்தில் வந்து டிரில் திணறினால் கான்கிரீட். திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். டைல்ஸைத் தாண்டும் வரை ஹேமரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். ஏஏசி வந்த பிறகும் ஹேமர் வேண்டாம், ஓட்டை அகலமாகிவிடும்.

இன்னொன்று. துளைக்கும் முன் சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் தொடாதீர்கள். வயர் குழாய் அங்கேதான் இறங்கும். தண்ணீர்க் குழாய் இருந்தால் அதற்கும் இதே விதி.

வாடகைவீடு | 6 மார்ச் 2024

ஓட்டை போடவே ஓனர் விடமாட்டார் என்றால்? கதவின் மேல் கொக்கி போட்டுத் தொங்கவிடுகிற மாதிரி ஒன்று வருகிறதே. எங்கள் யுடிலிட்டிக் கதவு பிவிசி.

சும்மாவந்தேன் | 6 மார்ச் 2024

பிவிசி கதவில் நான் துண்டு தொங்கவிடவே யோசிப்பேன்.

மட்டக்கோல் | 6 மார்ச் 2024

மரக்கதவாக இருந்தால் பரவாயில்லை, பிவிசி கதவில் வேண்டாம். எடை கீலில் ஏறும், கதவு சரிந்து தரையில் உரசும். மேசைமேல் வைக்கிற குட்டைக்கால் பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மாடி | 9 மார்ச் 2024

ஓட்டை போட்டேன். டைல்ஸ், அப்புறம் சாம்பலாகக் கொஞ்சம் பூச்சு, அப்புறம் வெள்ளை மாவு. மொத்தம் 3 செ.மீ. தாண்டித்தான் கல் ஆரம்பிக்கிறது. அந்தச் சுவர் 4 இன்ச் கல்தான், மறுபக்கம் படுக்கையறை.

ஓட்டை போடும்போது ஒன்று கவனித்தேன். டைல்ஸை விரலால் தட்டினால் சில இடத்தில் கணீர் என்கிறது, சில இடத்தில் டொக் என்கிறது. இது பரவாயில்லையா?

மட்டக்கோல் | 9 மார்ச் 2024

டொக் என்கிற இடத்தில் டைல்ஸுக்குப் பின்னால் சிமெண்ட் இல்லை, காற்றுதான் இருக்கிறது. அங்கே ஸ்க்ரூவை இறுக்கினால் டைல்ஸ் உள்ளே வளைந்து உடையும். பென்சிலால் குறித்து வைத்துவிட்டு அந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

4 இன்ச் ஏஏசிக்கு நான் செய்கிறது இது. பிராக்கெட்டை நேராகச் சுவரில் மாட்டுவதில்லை. முதலில் 19 மி.மீ. மரைன் ப்ளைவுட் ஒன்றைச் சுவரில் பதித்து, அதன்மேல் பிராக்கெட். ப்ளைவுட் 65 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம் இருக்கட்டும். மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று பிடிப்பு. இப்போது சுவரிலிருந்து பிடுங்கப் பார்ப்பது 12 செ.மீ. தகடு அல்ல, 65 செ.மீ. ப்ளைவுட். மேல் வரிசை கீழ் விளிம்பிலிருந்து 62 செ.மீ. தள்ளி இருக்கும். அதே 1380-ஐ 62-ஆல் வகுத்தால் 22 கிலோ. அதுவும் மூன்று ஸ்க்ரூவுக்குப் பங்கு. தாளில் போட்ட பங்கு அப்படியே சமமாக விழாது, ஒரு ஸ்க்ரூ அதிகமாக வாங்கும், அதனால் இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பயமில்லை.

பிடிப்புக்கு நீள நைலான் பிளக், 10 மி.மீ. ப்ளைவுட் 2, டைல்ஸும் பூச்சும் 3, ஆக 5 செ.மீ. வீண். 12 செ.மீ. ஸ்க்ரூ போட்டால்தான் கல்லுக்குள் 7 செ.மீ. போகும். கடையில் ஸ்க்ரூவோடு வருகிற சின்ன பிளக்கைத் தூக்கி எறியுங்கள், அது பூச்சிலேயே நின்றுவிடும்.

பிராக்கெட்டை ப்ளைவுட்டில் மரஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டாம். சுவரில் ஏற்றும் முன்பே பின்பக்கமிருந்து போல்ட் போட்டு, தலையை ப்ளைவுட்டுக்குள் குடைந்து இறக்கி, முன்னால் நட்டு முடுக்குங்கள்.

இதைவிட நல்ல வழி, சுவரின் மறுபக்கம் வரை துளைத்து அங்கே பட்டை வைத்து போல்ட் போடுவது. படுக்கையறைப் பக்கம் இடம் இருக்கிறதா?

மூன்றாம்மாடி | 9 மார்ச் 2024

மறுபக்கம் சுவரோடு அடித்த அலமாரி. அதைத் துளைத்தால் என்னை வீட்டிலிருந்து துளைத்துவிடுவார்கள். நைலான் பிளக்கே போகிறேன்.

முட்டுக்கம்பி உள்ள மாடலுக்கு மாறிவிட்டேன். கீலிலிருந்து 44 செ.மீ. கீழே ஊன்றுகிறது. எடை அரைக் கிலோ கூடுதல், விலையும்.

நட்டுபோல்ட்டு | 10 மார்ச் 2024

சுவருக்கு ப்ளைவுட், ப்ளைவுட்டுக்கு போல்ட், போல்ட்டுக்குப் பட்டை. பேசாமல் தரை வரை ஒரு மடக்குக் கால் வைத்தால் பாதி எடை தரைக்குப் போய்விடுமே. இதை யாரும் சொல்லக் காணோம்.

மட்டக்கோல் | 10 மார்ச் 2024

இது நியாயமான பேச்சு. நுனிப்பக்கம் கால் இருந்தால் சுவரைப் பிடுங்குகிற வேலையே போய்விடும். ஆனால் யுடிலிட்டித் தரை தண்ணீர் ஓட சரிவாக இருக்கும், காலை அட்ஜஸ்ட் செய்ய அடியில் திருகு வேண்டும். ஈரத்தில் ரப்பர் வழுக்கும். காலை விரிக்க மறந்துவிட்டு ஊன்றுகிற நாளும் வரும், அன்றைக்கு சுவர் தனியாகத்தான் தாங்க வேண்டும். நான் கால் வைப்பதில்லை. என் மச்சான் கால் இல்லாமல் எதையும் மாட்டமாட்டான். எங்களுக்குள்ளேயே தீராத சண்டை.

கஞ்சிப்புடவை | 10 மார்ச் 2024

உயரத்தை மறந்துவிட்டீர்களே. அதுதான் முதுகைப் பிடிக்கும்.

மட்டக்கோல் | 11 மார்ச் 2024

அம்மா சொன்னது சரி. வீட்டுச் செருப்போடு நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ, அதில் 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் பலகையின் மேல்பரப்பு. அதற்கு மேல் போனால் தோள் தூக்கிக்கொள்ளும், கீழே போனால் இடுப்பு வளையும்.

மூன்றாம்மாடி | 12 மார்ச் 2024

இங்கேதான் பிரச்சினை. நான் 178, மனைவி 155. என் முழங்கை 111, அவருடையது 97. எனக்கு 96-க்கு மேல் வேண்டும், அவருக்கு 87-க்குள் வேண்டும்.

யார் அதிகம் தேய்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். பதில் சொன்னால் இங்கே வம்பு வரும்.

சும்மாவந்தேன் | 12 மார்ச் 2024

வந்துவிட்டது. பதிலை ஊகித்துவிட்டோம். 87.

மூன்றாம்மாடி | 16 மார்ச் 2024

வார நாள் முழுக்க சமையல் மேடையில் போர்வை விரித்து இரண்டு பேரும் தேய்த்துப் பார்த்தோம். மேடை 86. அவருக்கு சுகமாக இருந்தது, எனக்கு நாலாவது சட்டையில் இடுப்பு பேசியது. 5 செ.மீ. பலகை ஒன்றை மேடைமேல் வைத்தோம், 91. எனக்கு நன்றாகவே இருந்தது, அவர் தோளைத் தூக்க ஆரம்பித்தார். 89-இல் இரண்டு பேரும் முனகாமல் நின்றோம். முடிவு 89.

அப்புறம் யுடிலிட்டியில் டேப் பிடித்தேன். அங்கே தரை சமையலறையைவிட 5 செ.மீ. இறக்கம். அதிலும் டிரெயின் பக்கம் சரிவு, ஒன்றரை செ.மீ. வித்தியாசம். சமையலறை மட்டத்திலிருந்து கோடு இழுத்திருந்தால் பலகை 94-இல் போய் நின்றிருக்கும். கால் வைத்து நிற்கப்போகிற இடத்திலிருந்து அளந்து குறித்தேன்.

மட்டக்கோல் | 16 மார்ச் 2024

நல்ல வேலை. இப்போது மடக்கினால் எங்கே போகிறது என்று பாருங்கள். இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்ப்பார்கள். கீல் 89, பலகை 95. கீழ்ப்பக்கம் மடக்கவே முடியாது, தரையில் இடிக்கும். கீழே மடக்க வேண்டுமென்றால் 80-க்குள் குட்டையான பலகை வேண்டும், அதிலும் துடைப்பம் போக இடம் விட வேண்டும். மேலே மடக்கினால் மூக்கு 184-க்குப் போகும். அந்த உயரம் வரை, பலகை அகலத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் சேர்த்து, சுவர் காலியாக இருக்கிறதா?

மூன்றாம்மாடி | 17 மார்ச் 2024

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் 95-க்கு 32 வெட்டி, 89-இல் டேப் போட்டு ஒட்டி, கதவு மாதிரி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தோம்.

சோப்புத்தூள் ஷெல்ஃப் அடிப்பக்கம் 183. மூக்கு ஒரு செ.மீ.யில் இடிக்கிறது! அட்டைக்கே இடித்தால் மெத்தை போட்ட பலகைக்கு? ஷெல்ஃபை 10 செ.மீ. மேலே ஏற்றினால் ஆயிற்று. மனைவிக்கு எட்டுமா என்று பார்த்தோம், எட்டுகிறது, பின்வரிசை டப்பா மட்டும் எட்டாது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பலகையை விரித்தால் யுடிலிட்டி இரண்டாகிறது. மெஷின் பக்கம் நின்று தேய்த்தால் நான் உள்ளே மாட்டிக்கொள்வேன். குக்கர் விசில் வந்தால் பலகைக்குக் கீழே குனிந்துதான் வர வேண்டும். கதவுப் பக்கம் நிற்கலாம் என்றால், கதவு யுடிலிட்டிக்குள் திறக்கிறது, முதுகில் இடிக்கும்.

கஞ்சிப்புடவை | 17 மார்ச் 2024

கதவுப் பக்கமே நில்லுங்கள் தம்பி. சூடான பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே மாட்டிக்கொள்வது ஆபத்து. கதவை முழுசாகத் திறந்து கொக்கி மாட்டிவிட்டால் முதுகில் இடிக்காதே.

மூன்றாம்மாடி | 18 மார்ச் 2024

அம்மா, கதவை முழுசாகத் திறந்தால் அது சுவரோடு ஒட்டிவிடுகிறது. அந்தச் சுவரில் பலகை இல்லை. பிளக் பாயிண்ட்டும் கதவுப் பக்கம்தான். அப்படியே செய்கிறேன், கொக்கி ஒன்று வாங்க வேண்டும்.

மூன்றாம்மாடி | 24 மார்ச் 2024

மாட்டியாயிற்று. ப்ளைவுட் 35-இலிருந்து 100 வரை, எல்லாமே டைல்ஸ் பரப்புக்குள். டைல்ஸ் முடியும் விளிம்பைத் தாண்டியிருந்தால் படி விழுந்து ஒரு பக்கம் ஆடியிருக்கும் என்று ஆசாரி சொன்னார். விளிம்பெல்லாம் பெயிண்ட் அடித்தோம், ஈரம் இறங்காமல் இருக்க.

முதல் பிளக் போட்டதும் அதில் ஒரு கொக்கி திருகி, பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை மாட்டி, காலைச் சுவரில் ஊன்றி நேராக இழுத்தேன். 30 கிலோ வரை போனேன். அசையவில்லை. ஆசாரி என்னைப் பார்த்த பார்வை தனி.

நட்டுபோல்ட்டு | 24 மார்ச் 2024

தராசு யோசனை நன்றாக இருக்கிறது. நான் இன்னும் போல்ட் கட்சிதான்.

மட்டக்கோல் | 25 மார்ச் 2024

எத்தனை சைட் பார்த்தாலும் இழுத்துப் பார்த்து மாட்டுகிறவரைக் காண்பது அபூர்வம். மேலே மடக்கியதும் பிடித்துக்கொள்கிற பூட்டு இருக்கிறதா? காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பலகை 5 கிலோ, தலை உயரத்திலிருந்து விழும். அடியில் துணி ஈரமாக இருக்கும்போது மடக்காதீர்கள், பெட்டியைப் பலகையோடு சேர்த்து மடக்குகிற ஸ்டாண்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், சூடு ஆறும் வரை பெட்டிக்குத் தனி இடம் வேண்டும்.

மூன்றாம்மாடி | 25 மார்ச் 2024

காந்தம்தான் இருந்தது. ஜன்னலுக்குப் போடுகிற சின்னத் தாழ்ப்பாள் ஒன்று சேர்த்தோம். பெட்டிக்கு மெஷின் மேல் ஒரு பழைய டைல்ஸ் துண்டு.

மூன்றாம்மாடி | 28 ஏப்ரல் 2024

ஒரு சந்தேகம். மூக்கு ஒரு செ.மீ. போலத் தொங்குகிற மாதிரி இருக்கிறது. மட்டக்குமிழி வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் இல்லை. சுவர் விடுகிறதா?

நட்டுபோல்ட்டு | 28 ஏப்ரல் 2024

சொன்னேனே.

மட்டக்கோல் | 29 ஏப்ரல் 2024

அவசரப்படாதீர்கள். சுவரா, மூட்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையை விரித்து, நுனியில் ஒருவர் அழுத்தட்டும். நீங்கள் ப்ளைவுட்டின் மேல் விளிம்பில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். டைல்ஸுக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே காகிதம் நுழைந்தால் சுவர் விடுகிறது, உடனே நிறுத்திவிடுங்கள். நுழையவில்லை என்றால் கீலிலோ முட்டுக்கம்பி சேரும் இடத்திலோ ஆட்டம். மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே 95 செ.மீ. தள்ளி அது பெரிதாகத் தெரியும்.

மூன்றாம்மாடி | 29 ஏப்ரல் 2024

காகிதம் நுழையவில்லை. முட்டுக்கம்பி ஊன்றும் இடத்தில் நட்டு ஒன்று லூஸ். முடுக்கியதும் பாதி சரியாயிற்று. மீதி பாதி கீலில்தான். வாஷர் ஒன்று போட்டுப் பார்க்கிறேன்.

பக்கவாட்டில் ஓர ஆட்டம் இருக்கிறது, அது என்ன செய்தாலும் போகவில்லை. பேன்ட்டை அழுத்தித் தேய்க்கும்போது முன் விளிம்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது.

மட்டக்கோல் | 30 ஏப்ரல் 2024

முட்டுக்கம்பி நடுவில் ஒன்றா, இரண்டு பக்கமும் இரண்டா?

மூன்றாம்மாடி | 30 ஏப்ரல் 2024

நடுவில் ஒன்றுதான்.

மட்டக்கோல் | 30 ஏப்ரல் 2024

அப்படியானால் அந்த முறுக்கு இருக்கத்தான் செய்யும். வலுவுக்குக் குறைவில்லை. இரண்டு கம்பி உள்ள மாடலில் வராது. இதில் வேண்டுமானால் கீல் தகட்டை அகலமாக மாற்றலாம், ஆனால் பணம் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

வாடகைவீடு | 2 மே 2024

எல்லாம் படித்தேன். ஓனர் நாலு ஓட்டைக்குச் சம்மதித்துவிட்டார். நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். நாலில் ஏதாவது செய்ய முடியுமா?

மட்டக்கோல் | 2 மே 2024

சுவர் என்ன சுவர்? முதல் ஓட்டையில் என்ன நிறத்தில் தூள் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். செங்கல்லாக இருந்தால் பேசலாம், ப்ளைவுட்டின் நாலு மூலைக்கு நாலு. வெள்ளையாக வந்தால் அந்த ஒரு ஓட்டையோடு நிறுத்திவிடுங்கள்.